பொற்பாதத்தை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

*வணக்கம் ஐயா. என் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் தமிழில் எழுதிய இரண்டு கடிதங்களை ஆங்கிலமாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்று, அவருடைய அக்காவின் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோனது பற்றி டெல்லியில் உள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பும் மனு. அது இப்படித் தொடங்குகிறது: "அருளும் கருணையும் ஒருங்கே அமைந்த, மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து, 74 வயதான விதவையாகிய அடியாள் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் என்னவென்றால், தாங்கள் என்மீது இரக்கம் கொண்டு, தங்கள் அலுவலகத்தால் நிறுத்தப்பட்ட என் குடும்ப ஓய்வூதியம் மீண்டும் கிடைக்க ஆவன செய்யுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்." இன்னொன்று, இங்கிலாந்தில் இருக்கும் என் கொழுந்தனாருக்குப் பெண் தரப்போகும் ஆங்கிலேயச் சம்பந்திக்கு எழுதியது. அப்படியே மொழிபெயர்த்தால் என் கணவர் சிரிக்கிறார். வெட்டினால் மாமனார் "மரியாதையே இல்லையே அம்மா" என்கிறார். என்னதான் செய்வது? மனுவின் முழு நகலையும் இணைத்துள்ளேன்.*

மனுவின் கடைசிப் பத்தி வரை படித்தேன். "கடந்த நவம்பர் 18 அன்று வங்கியில் ஆயுள் சான்று கொடுத்தும் டிசம்பர் 2024 முதல் ஓய்வூதியம் வரவில்லை" என்ற வரி அங்கே ஒளிந்து கிடக்கிறது. வழக்கைத் தூக்கி நிறுத்தும் வரி அதுதான். அதற்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஆங்கில மனு மட்டும் தனியாகப் போகப்போகிறதா, அல்லது மாமனாரின் அக்கா, அதாவது உங்கள் அத்தை, கையெழுத்திட்ட தமிழ் மனுவும் சேர்ந்து போய், உங்கள் ஆங்கிலம் அதற்கு மொழிபெயர்ப்பாக இணைக்கப்படுமா?

இரண்டாவது வகை என்றால் ஒரு சொல்லையும் நீங்கள் விட முடியாது. நீதிமன்றத்தில் ஆவணமாகப் போகும் கடிதம், நோட்டரி முத்திரை வாங்கும் மொழிபெயர்ப்பு எல்லாம் அந்த வகை. அங்கே மொழிபெயர்ப்பாளர் வெறும் சாட்சி. மூலத்தில் பொற்பாதம் இருந்தால் ஆங்கிலத்திலும் பொற்பாதம் இருக்க வேண்டும், படிப்பவர் சிரித்தாலும் சரி. ஆனால் அத்தை ஆங்கில மனுவில்தான் கையெழுத்துப் போடப்போகிறார் என்றால், நீங்கள் செய்வது அவருக்காக ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொடுப்பது. அங்கே சொல்லுக்குச் சொல் வைக்கும் கடமை இல்லை. அவர் காட்ட நினைத்த மரியாதை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இப்படி ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கும் வேலைதான் என்று தெரிகிறது. அப்படியே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் மாமனாருக்கும் கணவருக்கும் நடுவில் நடக்கும் சண்டைக்குக் காரணம், இரண்டு மொழிகளும் மரியாதையை வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பதுதான். தமிழில் அது வாக்கியம் முழுக்கத் தெளித்துக் கிடக்கிறது. 'நீ', 'நீங்கள்', 'தாங்கள்' என்று மூன்று படி. பெயருக்குப் பின்னால் 'அவர்கள்'. வினைச்சொல்லின் வாலில் 'ஆர்', 'ஆர்கள்'. 'வா' என்பது 'வாருங்கள்' ஆகி, 'வருகை தாருங்கள்' ஆகிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான், வினைச்சொல்லுக்கு வாலும் கிடையாது. அங்கே மரியாதை குடியிருக்கும் இடங்கள் மூன்று நான்குதான்: விளிக்கும் சொல், கேட்கும் வினைச்சொல்லின் வடிவம், யார்மீதும் பழி விழாமல் வாக்கியத்தைக் கட்டும் முறை, முடிக்கும் சொல். தமிழில் இருபது இடத்தில் இருந்த மரியாதையை இந்த நான்கு இடங்களுக்குக் குடிமாற்ற வேண்டும். பெயரடைகளாக வரிசை கட்டி முன்னால் நிறுத்தினால் ஆங்கிலக் காதுக்கு அது முகஸ்துதியாகவோ கேலியாகவோ கேட்கும். உங்கள் கணவர் சிரிப்பது அதனால்தான்.

சரி, அத்தையின் முதல் வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'மேலான சமூகத்திற்கு' என்பதில் பலர் வழுக்குவார்கள். இங்கே சமூகம் என்றால் சமுதாயம் அல்ல, சந்நிதானம், முன்னிலை. அகராதியைத் திறந்து 'சொசைட்டி' என்று போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சொல்லின் வேலை, மனு யார் முன்னால் வைக்கப்படுகிறது என்று காட்டுவது மட்டுமே. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெறுநர் முகவரி ஏற்கெனவே செய்துவிடுகிறது. 'அவர்கள்' என்பதும் அதே இடத்தில் கரைந்துவிடும். பதவியின் பெயரைச் சரியாக, முழுமையாக எழுதுவதுதான் ஆங்கிலத்தில் அந்த 'அவர்கள்'. பதவிப் பெயரில் பிழை விட்டுவிட்டு எத்தனை 'ரெஸ்பெக்டட்' போட்டாலும் அது அவமரியாதையாகத்தான் தெரியும்.

'அருளும் கருணையும்', 'பொற்பாதம்', 'அடியாள்', 'தாழ்மையுடன்', 'மன்றாடி' இந்த ஐந்தும் ஒரே வேலையைச் செய்கின்றன: கேட்பவர் கீழே நின்று கேட்கிறார் என்று காட்டுகின்றன. ஐந்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினைச்சொல் வடிவமாக மாற்றலாம். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்பதுதான் அது. 'வுட்', 'குட்' இரண்டும் சேரும்போது "செய்வதும் செய்யாததும் உங்கள் கையில்" என்ற பணிவு வந்துவிடுகிறது. இதை 'ப்ளீஸ்' கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 'அனுப்புங்கள்' என்னும் தமிழ்ச் சொல்லில் அந்த 'உங்கள்' மரியாதையைத் தாங்கிக்கொள்கிறது. 'ப்ளீஸ் சென்ட்' என்பதில் இருப்பது கட்டளை. முன்னால் ஒரு பூ வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'கைண்ட்லி' நம் ஊர் அலுவலகங்களில் மென்மையாக ஒலிக்கும். இங்கிலாந்துக்காரர் காதில் அது பல சமயம் பொறுமை இழந்தவர் குரலாகக் கேட்கும்.

'விண்ணப்பம் என்னவென்றால்' என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அது மனு எழுதுபவர் மூச்சு வாங்கும் இடம். ஆங்கிலத்தில் பொருள் வரி போட்டாலே அது சொல்லப்பட்டுவிடுகிறது.

'74 வயதான விதவை' மட்டும் அலங்காரம் அல்ல, தகவல். விதவை என்பதால்தான் குடும்ப ஓய்வூதியம். அதை வெட்டக் கூடாது. அடைமொழிகளை அள்ளிப் போடும் அவசரத்தில் நடுவில் சிக்கியிருக்கும் உண்மைத் தகவலும் சேர்ந்து போய்விடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதனால் வெட்டுவதற்கு முன் பென்சிலால் தகவல்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அத்தையின் வாக்கியத்தில் அடிக்கோடு விழுவது வயது, விதவை, குடும்ப ஓய்வூதியம், நின்றுவிட்டது என்ற நான்கு இடங்களில்தான்.

அடுத்தது 'ஆவன செய்யுமாறு'. இதற்கு நம் அலுவலக ஆங்கிலத்தில் ஒரு தேய்ந்த ஜோடி இருக்கிறது: 'டு த நீட்ஃபுல்'. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுவில் அது ஆபத்து. தமிழில் 'ஆவன செய்யுங்கள்' என்பது ஒரு நாகரிகம்: என்ன செய்ய வேண்டும் என்று பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்க நான் யார் என்று ஒதுங்கி நிற்பது. ஆங்கில மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த ஒதுங்கல் தெரியாது, "இவருக்கு என்னதான் வேண்டும்?" என்ற கேள்விதான் மிஞ்சும். அத்தைக்கு வேண்டியவை இரண்டு: ஓய்வூதியம் மறுபடி வர வேண்டும், விட்டுப்போன மாதங்களின் நிலுவை கிடைக்க வேண்டும். இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதிகாரியின் நேரத்தை மிச்சப்படுத்துவது ஆங்கிலத்தில் மரியாதையின் ஒரு வடிவம்தான்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு இடம். 'தங்கள் அலுவலகத்தால் நிறுத்தப்பட்ட.' தமிழில் அந்தத் 'தங்கள்' சொல்லின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'யுவர் ஆபீஸ் ஸ்டாப்ட் மை பென்ஷன்' என்று எழுதினால், அது நேருக்கு நேர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டுவது. முன்னால் எத்தனை பொற்பாதம் இருந்தாலும் இந்த ஒரு வரி அத்தனையையும் கெடுத்துவிடும். அதோடு, நிறுத்தியது அந்த அலுவலகமா, வங்கியா என்றும் நமக்குத் தெரியாது. அதனால் யார் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்: ஓய்வூதியம் டிசம்பர் முதல் கணக்கில் வரவாகவில்லை. என்னைக் கேட்டால், 'தாங்கள்' என்னும் சொல் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கும் இடம் இதுதான். 'யூ' என்று சொல்ல வேண்டிய இடங்களில், குறிப்பாகக் குறை சொல்லும் இடங்களில், அதைச் சொல்லாமல் விடுவது.

இதெல்லாம் சேர்ந்தால் அத்தையின் மனு இப்படித் தொடங்கும். கடைசிப் பத்தியில் இருந்த ஆயுள் சான்று வரியை மேலே கொண்டுவந்திருக்கிறேன்:

```
Subject: Family pension not credited since
December 2024 - request to resume payment

Sir/Madam,

I am 74 and the widow of a former employee of
your department. My family pension has not been
credited since December 2024, although I gave my
life certificate at the bank on 18 November.
I would be grateful if you could have the payment
resumed and the arrears released.
```

பொருள் வரியில் ஓய்வூதிய ஆணை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தபால் பிரிவில் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றுபவர் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான். எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்வதும் அதை வைத்துத்தான். உங்கள் மாமனாரின் மனுவில் 'ஓய்வூதியம்' என்ற சொல் வருவதற்குள் இருபது சொற்களுக்கு மேல் போய்விடுகிறது.

விளிக்கும் சொல்லைப் பற்றி மாமனார் கட்டாயம் கேட்பார்: "வெறும் 'சார்' தானா?" ஆமாம், வெறும் 'சார்' தான். மத்திய அரசு அலுவலகங்கள் எழுதும் முறையான கடிதங்களிலேயே 'சார்' அல்லது 'மேடம்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பதுதான் விதி. ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குப் பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதம் என்றால் மட்டும் 'டியர் ஸ்ரீ' என்று பெயரோடு தொடங்கி 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடியும். அங்கே 'டியர்' சேர்வது நெருக்கத்தைக் காட்ட. 'டியர்' இல்லாத தனிச் 'சார்' விறைப்பாக, எட்ட நின்று வணங்குவது. மாமனார் நினைப்பதற்கு நேர் எதிராக, அலுவல் ஆங்கிலத்தில் சொல் குறையக் குறையத்தான் மரியாதை கூடுகிறது.

'ரெஸ்பெக்டட் சார்' என்பது நம் நாட்டு ஆங்கிலம். இந்திய அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் மாமனார் அதற்காகப் பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதும்போது மட்டும் வேண்டாம், அங்கே அது வழக்கில் இல்லை. பெயர் தெரிந்தால் 'டியர்' போட்டுப் பட்டத்தோடு குடும்பப் பெயர். தெரியாவிட்டால் 'டியர் சார் ஆர் மேடம்'. 'மாண்புமிகு' வரும் இடத்தில் 'ஆனரபிள்' போடுவது அமைச்சர்கள், நீதிபதிகள் போன்றவர்களுக்கு மட்டும். மாவட்ட ஆட்சியருக்கு 'ஆனரபிள் கலெக்டர்' என்று எழுதுவது மரியாதையைக் கூட்டாது, எழுதியவருக்கு வழக்கம் தெரியவில்லை என்பதைத்தான் காட்டும். பெயருக்குப் பின்னால் வரும் இ.ஆ.ப. மட்டும் 'ஐ.ஏ.எஸ்.' ஆக அப்படியே வரலாம். தமிழ்நாட்டு அரசு தன் ஆங்கில ஆணைகளிலேயே 'திரு', 'திருமதி' இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்கிறது என்பதால், மாநில அலுவலகங்களுக்கு எழுதும்போது 'திரு'வை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

மாமனாரைச் சமாதானப்படுத்த ஒரு பழங்கதை கைகொடுக்கும். சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் காலத்து அரசு வெளியீடுகளைப் புரட்டினால், தமிழர் பெயருக்கு முன்னால் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். 'மகாராஜராஜஸ்ரீ' என்பதன் சுருக்கம் அது. நாம் தமிழில் ம.ரா.ரா.ஸ்ரீ என்று எழுதியதைத்தான் அப்படி எழுதினார்கள். பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்பதையும் ஆங்கில எழுத்தில் போட்டார்கள். தெலுங்கர் பெயர் என்றால் 'காரு'. அதாவது, இதை மொழிபெயர்க்க முடியாது என்று அந்த அலுவலர்களுக்கே தெரிந்திருந்தது. மொழிபெயர்க்காமல் அப்படியே தூக்கி வைத்தார்கள். இதன் மறுபக்கம் இன்னும் சுவை. அந்தக் காலத்து ஆங்கில அரசுக் கடிதங்கள் 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடிந்தன. நம் பள்ளிக்கூட விடுமுறைக் கடிதத்தில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதினோமே, அது அந்த ஆங்கிலத்தின் நிழல். ஆங்கிலம் தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டது, நாம்தான் இன்னும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறோம். ஆகவே 'கீழ்ப்படிதலுள்ள' என்பதை மறுபடி ஆங்கிலமாக்கும்போது 'ஒபீடியன்ட்' தேட வேண்டாம். அதன் இன்றைய வாரிசு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' தான். 2012-இல் குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தம்மை 'ஹிஸ் எக்ஸலன்சி' என்று அழைக்கும் வழக்கத்தையே கைவிடச் செய்தார் என்பதையும் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி சம்பந்திக்கு எழுதிய கடிதம். அதன் நகலை நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் தமிழாசிரியர் எழுதியது என்பதால் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு', 'நலம், நலமறிய அவா', 'எல்லாம் வல்ல இறைவன் அருளால்', அப்புறம் ஒரு 'நிற்க'.

மனுவுக்குச் சொன்னதை இங்கே கொண்டுவராதீர்கள். மனுவில் மரியாதை வாசல்படி, தாண்டி உள்ளே போக வேண்டியது. இந்தக் கடிதத்தில் மரியாதையும் அன்பும்தான் செய்தி. முன்பின் பார்த்திராத இரண்டு அப்பாக்கள் முதன்முறையாகக் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். இங்கே வெட்டினால் மாமனாரின் கோபம் நியாயம்தான்.

'நலம், நலமறிய அவா' என்பதற்கு ஆங்கிலத்தில் அச்சு அசலான இணை உண்டு; நாங்கள் இங்கே நலம், நீங்களும் நலம் என நம்புகிறேன் என்று அவர்களும் கடிதம் தொடங்குவார்கள். வைத்துக்கொள்ளுங்கள். 'இறைவன் அருளால்' என்பது மாமனாரின் இயல்பான பேச்சு என்றால் அதையும் விடாதீர்கள், அவர் குரல் அது. 'நிற்க' ஒரு அழகான சொல், நலம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருவோம் என்று கை காட்டுவது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் தேட வேண்டாம். புதிய பத்தி தொடங்குங்கள், அந்த வெற்றிடம்தான் 'நிற்க'.

'சம்பந்தி'க்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. பிள்ளைகள் திருமணம் செய்துகொண்டால் இரண்டு குடும்பத்துப் பெற்றோரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று அந்த மொழி யோசிக்கவே இல்லை. 'பிரதர்' என்று போட்டுவிடாதீர்கள், நான் அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். இந்த இல்லாமையையே மரியாதையாக மாற்றிக்கொள்ளலாம். சொல்லை அப்படியே வைத்து, ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டால், வாசிப்பவருக்கு அது ஒரு பரிசு போல இருக்கும். பெண்ணின் அப்பா பெயர் ஜான் ஸ்மித் என்று வைத்துக்கொள்வோம்:

```
Dear Mr Smith,

By God's grace we are all well here, and I hope
that you and your family are too.

Tamil has a word that English lacks. The parents
of a married couple are "sambandhi" to one
another. I am very glad that you and I will soon
be able to use it.
```

'டியர் மிஸ்டர் ஜான்' என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஜான் சார்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது மரியாதையாகத்தான் படும். ஆனால் ஆங்கிலத்தில் 'மிஸ்டர்' குடும்பப் பெயரோடுதான் சேரும். ஜான் என்று மட்டும் அழைப்பது நெருக்கம், மிஸ்டர் ஸ்மித் என்பது மரியாதை, இரண்டையும் கலப்பது தடுமாற்றம். பதில் கடிதத்தில் அவர் 'ப்ளீஸ் கால் மீ ஜான்' என்று எழுதினால், அடுத்த கடிதத்தில் 'டியர் ஜான்' என்று மாறுங்கள். அதை மாமனாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதா என்று அவருக்குக் கூசும். ஆனால் அங்கே பிடிவாதமாக மிஸ்டர் ஸ்மித் என்றே தொடர்ந்தால், நீட்டிய கையைத் தட்டிவிட்டது போலாகிவிடும்.

உருவகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'எங்கள் இல்லத்துக்கு விளக்கேற்ற வரும் தங்கள் செல்வி' என்று மாமனார் எழுதியிருந்தால் அந்த விளக்கு ஆங்கிலத்திலும் எரியும். அதோடு குலக்கொடி, திருமகள், பேறு என்று நான்கும் சேர்ந்தால் ஸ்மித் குடும்பம் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறும். எதை வைப்பது என்று மாமனாரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். திருமணத்துக்கு அழைக்கும் இடத்தில் 'குடும்ப சமேதராக வருகை தந்து சிறப்பிக்க' என்று இருந்தால் கவலையே வேண்டாம். அழைப்பிதழ் விஷயத்தில் ஆங்கிலமும் பட்டு வேட்டி கட்டும் மொழிதான். 'ரிக்வெஸ்ட் த ப்ளெஷர் ஆஃப் யுவர் கம்பெனி' என்று அவர்களுக்கே ஒரு நெடுநாள் சடங்கு வாக்கியம் இருக்கிறது. அச்சடித்த அழைப்பிதழில் அதைப் போடுங்கள். கடிதத்துக்குள் என்றால் நீங்கள் எல்லோரும் வந்தால் எங்களுக்குப் பெருமை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்யும் ஒரு வேலை உண்டு. மனு என்றால், விஷயமே தெரியாத ஒருவரிடம் முதல் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டி "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பேன். உடனே பதில் வராவிட்டால் இன்னும் கரைக்க வேண்டியது இருக்கிறது. உறவுக் கடிதம் என்றால் கேள்வி வேறு: "எழுதியவர் எப்படிப்பட்ட ஆள்?" அன்பான பெரியவர் என்று சொன்னால் சரி. "ரொம்ப ஃபார்மலா இருக்காரு" என்று சொன்னால் 'தாங்கள்' அதிகமாகிவிட்டது. "ஏதோ கம்பெனி லெட்டர் மாதிரி இருக்கு" என்று சொன்னால், கத்தரி போடக் கூடாத இடத்தில் போட்டுவிட்டீர்கள்.

மாமனாரிடம் எப்படிக் காட்டுவது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் மனுவை இப்படித்தான் சுருக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, நான் போட்ட நமஸ்காரம் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆங்கிலத் தாளை நீட்டுவதற்குப் பதிலாக, அதை மறுபடி தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறேன். "ஐயா தயவுசெய்து இதைச் செய்து கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன் என்று இந்த வரி சொல்கிறது" என்று 'வுட் பி கிரேட்ஃபுல்' இருக்கும் இடத்தில் விரலை வைப்பேன். நமஸ்காரம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு பெரும்பாலும் யாரும் சண்டை போடுவதில்லை.

சம்பந்தி கடிதத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் ஆங்கிலத்தோடு மாமனார் கைப்பட எழுதிய தமிழ்க் கடிதத்தையும் அதே உறையில் வைத்து அனுப்புங்கள். ஸ்மித்துக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தம் கையால் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார் என்பது புரியும். அதில் அடைமொழிகள் எல்லாம் ஒன்று குறையாமல் இருக்கட்டும். பொற்பாதம் இருந்தாலும் பரவாயில்லை.